காதுக்குப் போகும் பதிலைக் கேள்வியிலேயே கண்டுபிடிப்பது எப்படி? பட்டியலும் குறிகளும் அங்கே ஏன் காலை வாருகின்றன?

“உப்பு ஒன்னு ரெண்டு ஸ்பூனுன்னு சொன்னீக. ஒன்னா, ரெண்டா?”

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா திரும்பக் கூப்பிட்டுக் கேட்டது இது. நாங்கள் எழுதி அனுப்பியிருந்தது அரை ஸ்பூன். அதுவும் வயிற்றுப்போக்கில் வாடிக்கிடந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு. நல்லவேளை, சந்தேகம் வந்ததும் கலக்காமல் கூப்பிட்டுவிட்டார்.

மதுரையில் ஒரு தொலைபேசி உதவிச் சேவைக்குப் பதில் எழுதிக் கொடுப்பது என் வேலை. போனில் பேசிக் கேட்பவர்களின் கேள்வியை மென்பொருள் எழுத்தாக்கி எங்கள் திரையில் போடும். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து கேட்பவர்களின் கேள்வியும் அதே திரையில், அதே பெட்டியில் வந்து விழும். நாங்கள் எழுதும் பதில் முதல் வகைக்காரர்களுக்கு இயந்திரக் குரலாகப் போகும், இரண்டாம் வகைக்காரர்களுக்கு எழுத்தாகவே போகும். எந்தக் கேள்வி எந்த வழியில் வந்தது என்று அந்தத் திரை அப்போது காட்டாது. அன்றைக்கு நான் கண்ணுக்கு எழுதிய பதில் காதுக்குப் போய்விட்டது. நான் தட்டியது இதுதான்:

```
**தேவையானவை:**
1. சர்க்கரை - 6 டீஸ்பூன்
2. உப்பு - 1/2 டீஸ்பூன்
3. தண்ணீர் - 1 லி. (கொதித்து ஆறியது)
```

குரல் இதை எப்படி வாசித்தது என்று பிறகு பதிவைப் போட்டுக் கேட்டேன். “ஒன்று சர்க்கரை ஆறு டீஸ்பூன் இரண்டு உப்பு ஒன்று இரண்டு டீஸ்பூன் மூன்று தண்ணீர் ஒன்று லி கொதித்து ஆறியது.” சாய்கோட்டை விழுங்கிவிட்டது. தமிழில் “ஒன்னு ரெண்டு” என்றால் ஏறக்குறைய ஒன்றோ இரண்டோ என்று அர்த்தம். மல்லிகைப்பூ வாங்கும்போது “ரெண்டு மூணு முழம் குடு” என்கிறோமே, அதே கணக்கு. அதனால் அந்த அம்மா காதில் விழுந்தது தப்பான தமிழாகவே தெரியவில்லை. நல்ல தமிழாக, தப்பான அளவாக விழுந்தது. இரண்டு ஸ்பூன் போட்டிருந்தால் வேண்டியதைப் போல நான்கு மடங்கு உப்பு. நீர் வற்றிய குழந்தைக்கு அவ்வளவு உப்பு உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம்.

அதற்குப் பிறகுதான் கேள்வியின் வார்த்தைகளிலிருந்தே வழியை ஊகிக்கப் பழகினேன். பதிலை ஆள் எழுதினாலும் சரி, மென்பொருள் எழுதி நீங்கள் அதற்கு விதி மட்டும் வகுத்தாலும் சரி, பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

முதலில்: கேள்வியைப் படிக்கும் முன் வழியைப் பாருங்கள்

கேள்வி போன் அழைப்பாக வந்தது என்று அமைப்பே சொன்னால் ஊகத்துக்கு வேலையில்லை. அதை நம்புங்கள். கீழே வருவதெல்லாம் அந்தத் தகவல் இல்லாதபோதும், இருந்தும் கேள்வி வேறு மாதிரிப் பேசும்போதும் மட்டும்தான்.

இரண்டாவது: கேள்வியின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள்

அந்த அம்மாவின் கேள்வி திரையில் இப்படி வந்திருந்தது: “அண்ணே பிள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது மூணு வயசு ஆகுது உப்பு சக்கரை தண்ணி எப்படி கலக்குறது இல்ல இல்ல ஒரு லிட்டருக்கு எவ்வளவு மெதுவா சொல்லுங்க கைல பிள்ளைய வச்சிருக்கேன்”.

இதே கேள்வியைத் தட்டச்சு செய்பவர் இப்படி அனுப்புவார்: “3 வயசு குழந்தை, 2 நாளா லூஸ் மோஷன். உப்பு சர்க்கரைத் தண்ணி 1 லிட்டருக்கு அளவு அனுப்புங்க ப்ளீஸ்”.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். முதலாவதில் ஒரு புள்ளியோ காற்புள்ளியோ கேள்விக்குறியோ கிடையாது. எண்கள் சொல்லாகவே நிற்கின்றன, அதுவும் “ரெண்டு”, “மூணு” என்று வாய் சொன்னபடியே. எல்லாவற்றையும் விட உறுதியான தடயம் அந்த “இல்ல இல்ல”. தட்டச்சு செய்கிறவர் தப்பாக எழுதினால் அழித்துவிட்டு எழுதுவார். வாயால் சொன்னதை அழிக்க முடியாது, மேலே ஒன்று சொல்லித்தான் திருத்த முடியும்.

எழுத்துப்பிழையின் சாயலும் காட்டிக்கொடுக்கும். விரலின் பிழை பக்கத்து விசையைத் தட்டுவது, எழுத்தை விட்டுவிடுவது, தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது. காதின் பிழை வேறு. லகர ளகர ழகரம் இடம் மாறும், ஊர்ப்பெயர் இரண்டாக உடையும், திருமங்கலம் என்பது “திரு மங்களம்” என்று வந்து நிற்கும். ஊர்ப்பெயர் இப்படி உடைந்திருந்தால் யாரோ வாயால் சொன்னது என்று நான் பெரும்பாலும் முடிவுகட்டிவிடுவேன்.

ஆனால் ஒன்று. சில மென்பொருள்கள் பேச்சை எழுத்தாக்கும்போதே எண்ணை இலக்கமாக்கி, புள்ளியும் வைத்துத் தந்துவிடும். ஆகவே புள்ளி இருக்கிறது என்பதால் கண்ணுக்கான கேள்வி என்று முடிவுக்கு வரக்கூடாது. புள்ளி இல்லாததும் தனியாகப் போதாது. எங்கள் ஊரில் வாட்ஸ்அப்பில் புள்ளி வைத்து எழுதுகிறவர் எத்தனை பேர்?

மூன்றாவது: வினைச்சொல்லைப் பாருங்கள், ஆனால் “சொல்லுங்க” என்பதிடம் ஏமாறாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் விழும் குழி இது. “சொல்லுங்க” என்று இருக்கிறது, அதனால் குரல் என்று குறித்துவிடுவார்கள். தமிழில் கேட்கிறவர் எல்லாரும் “சொல்லுங்க” என்றுதான் கேட்பார். தட்டச்சு செய்கிறவரும் அப்படித்தான் எழுதுவார். அது பழக்கத்தில் வருகிற வார்த்தை, அதிலிருந்து எதுவும் தெரியாது.

அதோடு ஒட்டிக்கொண்டு வருவதைத்தான் பார்க்க வேண்டும். “மெதுவா சொல்லுங்க”, “திருப்பிச் சொல்லுங்க”, “கொஞ்சம் சத்தமா” என்றால் காது. திரையில் இருக்கும் எழுத்தை மெதுவாக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். “அனுப்புங்க”, “போட்டு விடுங்க”, “லிஸ்ட் குடுங்க” என்றால் கண். “கேக்குதா”, “ஹலோ” என்று ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம். “பாத்துச் சொல்லுங்க” என்பது மட்டும் இரண்டு பக்கமும் சேராது. நீங்கள் பார்க்க வேண்டும் என்கிறாரே ஒழிய, தான் எதைக்கொண்டு அறியப்போகிறார் என்று சொல்லவில்லை.

கையும் கண்ணும் வேறு வேலையில் இருப்பதைச் சொல்லும் வாக்கியங்களும் இந்த வகைதான். “வண்டில போய்க்கிட்டு இருக்கேன்”, “கையெல்லாம் மாவு”, “கண்ணாடி வீட்டுல கெடக்கு”, மேலே வந்த “கைல பிள்ளைய வச்சிருக்கேன்”. இவை வந்தால் கேள்வி எழுத்தாகவே வந்திருந்தாலும் பதிலைக் காதுக்கு எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் வாசித்துச் சொல்லப்போகிறார் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

நான்காவது: கேட்பவர் ஒருவர், காது இன்னொருவருடையது

பலரும் தவறவிடுவது இதைத்தான். கேள்வி இலக்கம், காற்புள்ளி எல்லாம் வைத்து அழகாகத் தட்டச்சாகி வந்திருக்கும். கடைசியில் மட்டும் “அப்பத்தாவுக்கு வாசிச்சுக் காட்டணும்” என்றோ “கிராம சபையில மைக்ல படிக்கணும்” என்றோ “ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்” என்றோ ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்தான் மொத்தக் கேள்வியையும் திருப்புகிறது.

மனிதர் வாசிப்பதற்கும் இயந்திரம் வாசிப்பதற்கும் தேவை ஒன்றல்ல. மனிதர் “1/2” என்பதை அரை என்று சரியாகவே வாசித்துவிடுவார். அவர் தடுக்கி விழுவது அடைப்புக்குறியில். வாசித்துக்கொண்டே வந்து அடைப்புக்குள் போனதும் குரல் எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாமல் நிற்பார். பட்டியலை வாசித்தாலும் “ஒன்னு, சர்க்கரை ஆறு, ரெண்டு, உப்பு அரை” என்று வரிசை எண்ணும் அளவும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். அதனால் மைக்குக்கு எழுதும் பதிலில் இலக்கம் இருக்கலாம், வரிசை எண்ணும் அடைப்பும் வேண்டாம்.

ஏமாற்றும் இரண்டு

குரல்வழித் தட்டச்சு செய்பவர்களின் கேள்வி அச்சு அசலாகப் பேச்சு போலவே வரும். ஆனால் அவர்கள் பதிலைத் திரையில்தான் படிப்பார்கள். இவர்களுக்குக் காதுக்கான பதில் போனால் பெரிய நஷ்டம் இல்லை, கொஞ்சம் நீளமாகத் தெரியும், அவ்வளவுதான்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இன்னும் நுட்பமான விஷயம். அங்கேயும் பதில் குரலாகத்தான் போகிறது. ஆனால் அவர் விரலால் முன்னும் பின்னும் போக முடியும், ஒரு வரியை மீண்டும் கேட்க முடியும். முறையாகப் பட்டியலென்று அமைத்த பட்டியலில் எத்தனை உருப்படி, இது எத்தனையாவது என்று வாசிப்பான் சொல்லிவிடும். அவருக்கு நல்ல பட்டியல் உதவி. தொந்தரவு தருவது கோடாகவும் நட்சத்திரமாகவும் கையால் வரைந்த போலிப் பட்டியல்தான். ஒருவர் திரைவாசிப்பான் என்று சொன்னார் என்பதற்காகப் போன் அழைப்பின் விதியை அவர் மேல் போடாதீர்கள்.

பட்டியல் ஏன் தோற்கிறது?

தாளில் பட்டியல் வேலை செய்வதற்குக் காரணம் இடம். உப்பு இரண்டாவது வரியில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். சர்க்கரையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் அந்த வரி அதே இடத்தில் காத்திருக்கும். காதில் இடம் கிடையாது. சொன்னது போய்விட்டது. கேட்கிறவர் எல்லாவற்றையும் மனதில் பிடித்துக்கொண்டே அடுத்ததையும் கேட்க வேண்டும். மனம் ஒரே நேரத்தில் பிடித்துவைக்கும் துண்டுகள் ஏறக்குறைய ஏழு என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார்கள். பிள்ளை அழுதுகொண்டிருக்கும் வீட்டில் மூன்று நின்றாலே அதிகம்.

இன்னொரு காரணம், பட்டியல் உருப்படிகளுக்கு நடுவே வினைச்சொல் இல்லை. “உப்பு, அரை டீஸ்பூன்” என்றால் அதை என்ன செய்வது? போடுவதா, கரைப்பதா, கடைசியிலா? தாளில் மேலே இருக்கும் தலைப்பு அதைச் சொல்லிவிடும். காதில் தலைப்பு எப்போதோ கடந்துபோயிருக்கும். வினை இருந்தால் வாக்கியம் முடிந்தது என்று காதுக்குத் தெரியும், மூச்சு விடும், அடுத்ததற்குத் தயாராகும்.

குறிகள்: தமிழுக்கே உரிய தொல்லைகள்

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் முதலில் இலக்கங்களையும் சுருக்கங்களையும் சொற்களாக விரிக்கும், அதற்குப் பிறகுதான் ஒலி. தவறுகள் பெரும்பாலும் அந்த முதல் வேலையிலேயே நடந்துவிடுகின்றன. நட்சத்திரக் குறியைச் சில குரல்கள் “நட்சத்திரம் நட்சத்திரம்” என்று வாசிக்கும், சில விட்டுவிடும். அது எல்லா மொழியிலும் உள்ள தொல்லை. நமக்கென்று சில இருக்கின்றன.

“2-வது” என்று எழுதினால் “இரண்டு வது” என்று வரலாம். “இரண்டாவது” என்று எழுதிவிடுங்கள். “(அ)” என்று நாம் “அல்லது” என்ற பொருளில் போடுவது குரலில் வெறும் “அ”. “எ.கா.” வந்தால் “எ கா” என்று ஏதோ பெயர் மாதிரி ஒலிக்கும். “9.30” ஒன்பது புள்ளி மூன்று பூஜ்யம் ஆகிவிடலாம். “ஒன்பதரை” என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை. மணியோ அளவோ, கால், அரை, முக்கால் என்று முடிகிற இடத்தில் தமிழில் சொல் தயாராக இருக்கிறது. அதை விட்டுவிட்டு இலக்கத்தைப் போடுவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஆப்பு.

எண்களில் ஒரே விதி செல்லாது. ஆம்புலன்ஸ் எண்ணை நாம் “நூத்தியெட்டு” என்றுதான் சொல்கிறோம். “ஒன்று பூஜ்யம் எட்டு” என்று வாசித்தால் கேட்பவர் ஒரு கணம் தயங்குவார். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை அப்படி ஒரே எண்ணாக வாசித்தால் கோடிக்கணக்கில் போய் நிற்கும். அதை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வோர் இலக்கத்தையும் சொல்லாக எழுதி, நடுவில் ஒரு காற்புள்ளி வையுங்கள். இடைவெளிக்கென்றே குறி உண்டு:

```
<break time="600ms"/>
```

இதை உங்கள் குரல் மென்பொருள் ஏற்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஏற்காத ஒன்றில் போட்டால் அந்தக் குறியையே வாசித்துத் தொலைக்கும்.

ஐந்தாவது: மறுபடி எழுதுவது

அந்த அம்மாவுக்கு நாங்கள் இரண்டாவது முறை அனுப்பிய பதில், கிட்டத்தட்ட இப்படி:

“கடையில் ஓ ஆர் எஸ் பாக்கெட் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அதுதான் நல்லது. பாக்கெட் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும், அதே அளவில் கரையுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே கலக்கலாம். மூன்றே பொருள்: தண்ணீர், சர்க்கரை, உப்பு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சர்க்கரை ஆறு டீஸ்பூன் போடுங்கள், தலைதட்டி. அப்புறம் உப்பு. உப்பு அரை டீஸ்பூன்தான், ஒரு ஸ்பூனில் பாதி. அதற்கு மேல் போடக்கூடாது. நன்றாகக் கரைத்து, ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் வரை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மாட்டேன் என்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.”

இதில் என்ன செய்திருக்கிறோம் என்று பாருங்கள். “மூன்றே பொருள்” என்று முன்கூட்டிச் சொல்லியிருக்கிறோம். பட்டியலின் வரிசை எண் செய்த வேலையை அந்த இரண்டு சொல் செய்கிறது, காது மூன்றுக்கு இடம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். உப்பைத் தனி வாக்கியமாக்கி, “அரை” என்றதையே “பாதி” என்று இன்னொரு சொல்லால் திருப்பியிருக்கிறோம். ஒரு சொல் இரைச்சலில் போனாலும் மற்றது நிற்கும். ஆபத்தான அளவுக்கு மட்டும்தான் இந்த மறுபடி. சர்க்கரைக்கும் அப்படிச் செய்தால் எது முக்கியம் என்று தெரியாமல் போய்விடும். டம்ளர் என்று நாங்கள் எண்ணியது இருநூறு மில்லி. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் நூறிலிருந்து இருநூறு மில்லி என்பதுதான் கணக்கு. மில்லியைப் போனில் சொல்லி அடுப்படியில் யார் அளப்பது?

வாக்கிய நீளமும் ஒரு விஷயம். “கொதிக்க வைத்து ஆறவைத்து வடிகட்டிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையுடன் சேர்த்து” என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போவது எழுத்துத் தமிழில் சகஜம். வினை கடைசியில் வருகிற மொழி நம்முடையது, அதுவரை காது எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஓர் அளவு, ஒரு வினை.

சரிபார்ப்பது

திரையில் படித்துப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. கண் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். பதிலை எந்தக் குரலில் போகிறதோ அதே குரலில் ஓடவிட்டு, எழுத்தைப் பார்க்காத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும். பிறகு “உப்பு எவ்வளவு?” என்று கேளுங்கள். நாங்கள் போனை டீக்கடை வாசலில் வைத்துக் கேட்போம், பஸ் சத்தத்தோடு. அலுவலக அறையின் அமைதியில் தெளிவாகக் கேட்ட “அரை” அங்கே “ஆறு” மாதிரி விழுந்ததால்தான் “பாதி” என்ற சொல்லே அந்தப் பதிலுக்குள் வந்தது.

எத்தனை நன்றாக எழுதினாலும் சில விஷயம் குரலில் நிற்காது. ஐந்தாறு பஸ் நேரம், முழு முகவரி, மாத்திரைகளின் பெயர் இவையெல்லாம் அப்படி. அவற்றுக்கு முதலில் “பேனா இருக்கா, எழுதிக்கிறீங்களா” என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம், இல்லாவிட்டால் எழுத்தாகவும் ஒன்று அனுப்பலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் நடந்திருக்கிறது. காதுப் பழக்கம் முற்றிப்போன நாட்களில், தேனிக்குப் போகிற பஸ் நேரங்களை ஒருவர் கேட்டிருந்தார். “அனுப்புங்க” என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். நான் ஆரப்பாளையத்தில் ஏற வேண்டும் என்பதில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் வாக்கியம் வாக்கியமாக எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “சார், இதுல கடைசி பஸ் எதுன்னு தேடிக்கிட்டு இருக்கேன்.”